பண்டிகைக்கு முன் பேஸ்புக் விளம்பரம் ஏன் விலையேறுகிறது? ஒரு சாறி வியாபாரத்தின் கணக்கோடு

ஆரையம்பதியில் வீட்டிலிருந்தபடியே சாறி விற்கும் அக்கா ஒருவருக்கு நான் பேஸ்புக் விளம்பரம் போட்டுக் கொடுக்கிறேன். மூன்று வருடங்களுக்கு முன், சித்திரை வருடப்பிறப்புக்கு ஆறு நாள் இருக்கும்போது போன் எடுத்தார். "தம்பி, சனமெல்லாம் உடுப்பு வாங்குற நேரம். நாளுக்கு ஆயிரம் காணாது, மூவாயிரமாக்கி விடுங்க." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கூட்டிவிட்டேன்.

காசு தண்ணீர் மாதிரிப் போனது. மெசேஜும் வந்தது. ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "வருஷத்துக்கு முதல் கைக்கு வந்திருமா?" கூரியர்க்காரர் அதற்கு உறுதி சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை. நான்கு நாளில் பன்னிரண்டாயிரம் போய், ஒன்பது சாறிதான் விற்றது. அதில் இரண்டு பார்சல் திரும்பியும் வந்தது.

அந்தக் கணக்கை உட்கார்ந்து பிரித்துப் பார்த்த பிறகுதான், விலை ஏறுவது ஒரு விஷயம், அந்த விலை நமக்குக் கட்டுமா என்பது வேறு விஷயம் என்பது பிடிபட்டது. புதிதாக விளம்பரம் போடத் தொடங்குபவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

விலை ஏறுவது எப்படி

பேஸ்புக்கிலோ இன்ஸ்டகிராமிலோ விளம்பரத்துக்கு விலைப்பட்டியல் கிடையாது. ஏலம்தான். கல்லடியில் ஒரு ஆசிரியை இரவு போனைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், அவர் கண்ணில் படப்போகும் அந்த ஒரு இடத்துக்கு, கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது.

வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வெளியூர் லொறிகள் கூடுதலாக வந்து நிற்கிற நாளில் அறுக்குளாவின் விலை ஏறும். கடலில் மீன் குறைந்துவிட்டது என்பதல்ல, கேட்கிற கை கூடிவிட்டது. விளம்பரத்திலும் அதுதான். அந்த ஆசிரியை மார்ச்சில் போன் பார்க்கும் நேரம் பெப்ரவரியில் பார்த்ததைவிடப் பெரிதாகக் கூடிவிடாது. ஆனால் வருடப்பிறப்பு நெருங்கும்போது பிஸ்கட் கம்பனி, வங்கி, தொலைபேசி நிறுவனம், கொழும்பின் பெரிய உடுப்புக் கடை, டிவி விற்பவர் என்று எல்லோரும் அவரைத் தேடி வந்துவிடுகிறார்கள். அவர்களில் எவருமே சாறி விற்காவிட்டாலும் உங்களுக்குப் போட்டிதான். ஏனென்றால் ஏலத்தில் இருப்பது சாறி அல்ல, அவருடைய பார்வை.

ஒரு இடத்தில் மட்டும் மீன் உவமை பொருந்தாது. துறைமுகத்தில் கூடுதல் விலை கேட்டவருக்குத்தான் மீன். பேஸ்புக்கோ நீங்கள் கேட்கும் விலையோடு இன்னும் இரண்டைச் சேர்த்துப் பார்க்கிறது: இந்த ஆள் உங்கள் விளம்பரத்தைப் பார்த்து மெசேஜ் போடுவதற்கான வாய்ப்பு எவ்வளவு, விளம்பரம் பார்ப்பவருக்கு எரிச்சல் தராமல் தரமாக இருக்கிறதா. அதனால்தான் சின்னக் கடையும் ஏலத்தில் வெல்ல முடிகிறது. "ஆரையம்பதியில் நேரில் வந்து பார்க்கலாம்" என்று வீட்டு முற்றத்தில் வைத்து எடுத்த வீடியோ, கொழும்பிலிருந்து வரும் பளபளப்பான படத்தைவிட நம்மூர் ஆளை நிறுத்தி வைக்கும். அந்த நிறுத்தலுக்கு ஏலத்தில் மதிப்பு உண்டு.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களைக் குறிவைத்து, "ஊரிலிருக்கும் அம்மாவுக்கு சாறி அனுப்புங்கள்" என்று விளம்பரம் போடுகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கனடாவிலோ சுவிஸிலோ இருப்பவருக்குக் காட்டச் சொன்னால், அந்த நாட்டு ஏலத்துக்குள் நுழைகிறீர்கள். அங்கே விலை ஏறுவது நவம்பர் கடைசி பிளாக் ஃப்ரைடேயிலும் நத்தாருக்கு முன்னும்தான். சித்திரை மாதத்தை அந்த ஏலம் பெரிதாகக் கண்டுகொள்ளாது.

முதல் வேலை: ஒரு ஓடருக்கு எவ்வளவு கொடுக்கலாம்

விளம்பரத்தைத் தொடுவதற்கு முன்பே ஒரு கொப்பியில் இதை எழுதி வையுங்கள். அக்காவின் கணக்கை விளங்குவதற்காகக் கொஞ்சம் முழு எண்களாக்கித் தருகிறேன்.

மருதமுனைக் கைத்தறிச் சாறி ஒன்று 4,500 ரூபாய்க்கு விற்கிறது. நெசவுகாரரிடம் வாங்கிய விலை 3,000, பொதி செய்யும் செலவு 100. டெலிவரிக் காசை வாங்குபவர் தனியாகக் கொடுக்கிறார். ஆக மிச்சம் 1,400. ஆனால் பொருளைக் கையில் கொடுத்துக் காசு வாங்கும் முறையில் பத்துப் பார்சலில் ஒன்றாவது திரும்பி வரும். திரும்பியதற்கு கூரியர் காசும் பொதியும் சேர்ந்து 500 நம் தலையில். பத்து ஓடருக்குக் கணக்குப் பார்த்தால் ஒன்பது தரம் 1,400, அதில் 500 கழிய 12,100. ஓடர் ஒன்றுக்கு 1,210 ரூபாய்.

இந்த 1,210 தான் கூரை. அதற்கு மேல் விளம்பரத்துக்குக் கொடுத்தால் கைக்காசில் சாறி தானம் செய்கிறோம் என்று அர்த்தம். அக்கா தன் உழைப்புக்கு ஓடருக்கு 600 ஆவது வேண்டும் என்றார். அப்படியானால் விளம்பரத்துக்கு ஏறக்குறைய 600. கூரை 1,210, இலக்கு 600. பண்டிகைக் காலம் முழுக்க இந்த இரண்டு எண்களும்தான் வழிகாட்டி. பேஸ்புக் காட்டும் மற்ற எண்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

மூன்று காலம், மூன்று விலை

பேஸ்புக்கில் விளம்பரம் போட்டுக் கணக்குப் பார்க்கும் Ads Manager திரையில் CPM என்று ஒரு எண் இருக்கும். விளம்பரம் ஆயிரம் தடவை காட்டப்பட ஆகும் செலவு அது. பண்டிகை நேரத்தில் எல்லோரும் பதறுவது இதைப் பார்த்துத்தான். அது மட்டும் போதாது என்பதற்கு இந்தக் கணக்கைப் பாருங்கள்.

சாதாரண நாளில் ஆயிரம் தடவைக்கு 300 ரூபாய். ஆறு பேர் மெசேஜ் போடுகிறார்கள், ஆகவே ஒரு மெசேஜுக்கு 50. எட்டு மெசேஜில் ஒன்று ஓடராகிறது. ஓடருக்கு 400 ரூபாய்.

வருடப்பிறப்புக்கு மூன்று கிழமை முன்பு அதே ஆயிரம் தடவை 540 ஆகிவிடுகிறது. ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் இப்போது வாங்கும் எண்ணத்தோடுதான் சனம் போனைப் பார்க்கிறது. எட்டுப் பேர் மெசேஜ் போடுகிறார்கள், ஆறு மெசேஜுக்கு ஒரு ஓடர் விழுகிறது. மெசேஜ் 67 ரூபாய் 50 சதம், ஓடர் 405. அதாவது விலை எகிறியும் ஓடரின் செலவு அசையவில்லை.

கடைசிக் கிழமை ஆயிரம் தடவை 750. மெசேஜ் திரும்ப ஆறுக்கு வந்துவிடுகிறது, ஒரு மெசேஜ் 125 ரூபாய். "வந்திருமா" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் கூடிப்போனதால் பத்து மெசேஜுக்குத்தான் ஒரு ஓடர். ஓடருக்கு 1,250 ரூபாய். கூரையைத் தாண்டிவிட்டது. அன்றைக்கு நான் காசைக் கொட்டியது சரியாக இந்த இடத்தில்தான்.

நடுவில் இருக்கும் அந்த இரண்டு மூன்று கிழமைதான் அறுவடை. விலை ஏறிவிட்டதென்று பயந்து அப்போது நிறுத்துகிறவர்களும் உண்டு, கடைசிக் கிழமைக்கென்று காசைச் சேமித்து வைப்பவர்களும் உண்டு. இரண்டுமே நட்டம்.

நாற்பதாயிரத்தைப் பிரிப்பது

மொத்தம் 40,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திகதியை விடுங்கள், பண்டிகைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று பின்னோக்கி எண்ணுங்கள்.

முதலில் போய்க் கேட்க வேண்டியது கூரியர் அலுவலகத்தில். "வருடப்பிறப்புக்கு முன் போய்ச் சேர வேண்டுமென்றால் கடைசியாக எந்த நாள் பார்சல் தர வேண்டும்?" ஏப்ரல் 13, 14 இரண்டும் விடுமுறை. அதற்கு முந்திய நாட்களில் பார்சல்கள் மலையாகக் குவிந்திருக்கும். அவர்கள் சொல்லும் நாளிலிருந்து இரண்டு நாளைக் கழித்துக்கொள்ளுங்கள். தூர ஊர்களுக்கான விளம்பரம் அன்றோடு நிற்க வேண்டும். இந்த உதாரணத்தில் அது பண்டிகைக்குப் பத்து நாள் முன்பு.

45ஆம் நாளிலிருந்து 26ஆம் நாள் வரை, இருபது நாளைக்கு நாளொன்றுக்கு 300. மொத்தம் 6,000. விலை இன்னும் ஏறாத காலம் இது. இப்போது விற்பனை கொஞ்சமாக வந்தாலும் பரவாயில்லை. எந்த வீடியோவுக்கு ஆள் நிற்கிறார்கள், எந்த நிறத்தைக் கேட்கிறார்கள் என்று பார்க்கத்தான் இந்தக் காசு. கூடவே இன்னொரு வேலையும் செய்யுங்கள். மெசேஜ் போடும் ஒவ்வொருவரிடமும் "புது டிசைன் வந்ததும் அனுப்புகிறேன், நம்பரை சேவ் பண்ணி வையுங்கள்" என்று சொல்லுங்கள். வட்ஸ்அப் பிரோட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போகும். ஏலம் உச்சத்தில் நிற்கும் நாளில் இந்தப் பட்டியலுக்குச் செய்தி அனுப்ப ஒரு சதமும் செலவாகாது.

25ஆம் நாளிலிருந்து 10ஆம் நாள் வரை பதினாறு நாள், நாளொன்றுக்கு 1,500. மொத்தம் 24,000. ஓடருக்கு 405 என்றால் ஏறக்குறைய 59 ஓடர். கையிருப்பு அறுபது சாறியாவது இருக்க வேண்டும். அதற்கே 1,80,000 ரூபாய் முதல் வேண்டும். விளம்பரத்துக்கு காசு ஒதுக்கிவிட்டு சரக்குக்கு ஒதுக்காமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூரியர் நிறுவனம் வசூலித்த காசு கைக்கு வரவும் சில நாள் எடுக்கும். அதை நம்பி மறுபடி சரக்கு எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

300இலிருந்து 1,500க்கு ஒரே இரவில் தாவக் கூடாது. விளம்பரம் யாரிடம் காட்டினால் பலன் என்று பேஸ்புக் பழகிக்கொள்ள ஒரு காலம் உண்டு. ஒரு கிழமைக்குள் ஏறக்குறைய 50 முடிவுகள், நம் விஷயத்தில் 50 மெசேஜ், கிடைத்தால் அது நிலைக்கு வரும். பட்ஜெட்டைப் பெரிதாக மாற்றினால் அந்தப் பழக்கம் திரும்ப முதலிலிருந்து தொடங்கலாம், அந்த நாட்களில் செலவு தாறுமாறாக இருக்கும். 30ஆம் நாளிலிருந்தே இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு வாருங்கள். அதற்கு ஆகும் மேலதிகக் காசு பின்னால் சொல்லும் மிச்சத்திலிருந்து போகட்டும். சாறிக்கு ஒன்று, சாரத்துக்கு ஒன்று, காத்தான்குடிக்கு ஒன்று, கல்முனைக்கு ஒன்று என்று காசைத் துண்டு போடவும் வேண்டாம். 1,500ஐ நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் கிழமைக்கு 39 மெசேஜ்தான் வரும், எதுவும் பழகாது.

9ஆம் நாளிலிருந்து 4ஆம் நாள் வரை ஆறு நாள், 700 படி 4,200. இது மட்டக்களப்பு நகரம், கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி வரைக்கும் மட்டும். "இன்று கேட்டால் நாளை வீட்டில், அல்லது வந்து எடுக்கலாம்" என்பதை வீடியோவின் முதல் வரியிலேயே போடுங்கள். கடைசிக் கிழமையில் ஓடர் விழாமல் போனதற்குக் காரணம் நேரத்துக்கு வருமா என்ற சந்தேகம்தான். பக்கத்து ஊருக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தச் சந்தேகமே இல்லை. கொழும்புக் கடைக்கு இது முடியாத காரியம்.

மிச்சம் 5,800 கையில் இருக்கட்டும்.

இரண்டு பொறிகளையும் சொல்லிவிடுகிறேன். நாளுக்கு 1,500 என்று போட்டால் தினமும் 1,500தான் போகும் என்றில்லை. நல்ல நாள் என்று தோன்றினால் பேஸ்புக் ஒரு நாளில் 75 வீதம் வரை கூடச் செலவழிக்கும், அதாவது 2,625 வரை. கிழமைக் கணக்கில்தான் அது ஏழு நாள் பட்ஜெட்டைத் தாண்டாது. வங்கி அட்டையில் காசு இறுக்கமாக இருந்தால் அந்த ஒரு நாளில் கட்டணம் தடைப்பட்டு எல்லா விளம்பரமும் நின்றுவிடும். மற்றது, புது விளம்பரங்களைப் பேஸ்புக் பரிசோதித்துத்தான் விடும். வழக்கமாக ஒரு நாளுக்குள் முடியும், சில நேரம் இழுக்கும். உச்ச நாட்களுக்கான வீடியோவை நான்கைந்து நாள் முந்தியே ஏற்றி அனுமதி வாங்கி வையுங்கள்.

செலவு ஏறினால் குற்றவாளி யார்

பண்டிகைக் காலத்தில் எந்தச் செலவு கூடினாலும் "சீசன்தானே" என்று விட்டுவிடும் பழக்கம் வந்துவிடும். பாதி நேரம் காரணம் வேறாக இருக்கும். ஒவ்வொரு நாள் இரவும் மூன்று எண்களை எழுதுங்கள்: ஆயிரம் தடவைக்கான செலவு, ஆயிரத்துக்கு எத்தனை மெசேஜ், எத்தனை மெசேஜுக்கு ஒரு ஓடர். முதல் இரண்டையும் திரையில் இருக்கும் எண்களிலிருந்து எடுக்கலாம். மூன்றாவது உங்கள் கொப்பியில் மட்டும்தான் இருக்கும், பேஸ்புக்குக்கு அது தெரியாது.

முதல் எண் மட்டும் ஏறி மற்ற இரண்டும் அப்படியே இருந்தால், அது சந்தை. உங்கள் விளம்பரத்தில் கை வைக்காதீர்கள், ஓடரின் செலவு 600க்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தாண்டினால் பட்ஜெட்டை இறக்குங்கள், 1,210ஐத் தொட்டால் நிறுத்துங்கள்.

முதல் எண் அப்படியே இருந்து, மெசேஜ் குறைந்துகொண்டே வந்தால், விளம்பரம் களைத்துவிட்டது. Frequency என்ற எண்ணைப் பாருங்கள். ஒரே ஆள் எத்தனை தடவை பார்த்தார் என்பதன் சராசரி அது. மட்டக்களப்பு போன்ற சிறிய வட்டத்துக்குள் போட்டால் இது சீக்கிரம் மூன்று, நான்கு என்று ஏறிவிடும். "இந்த மஞ்சள் சாறியை நேற்றும் பார்த்தேனே" என்று விரலால் தள்ளிவிடுவார்கள். வேறு சாறி, வேறு வீடியோ. சீசனைத் திட்டிப் பயனில்லை.

மெசேஜ் நன்றாக வந்து ஓடர் மட்டும் விழாவிட்டால், பிழை நம் வீட்டில். ஒருமுறை அக்காவின் ஓடர் திடீரென்று பாதியானது. தோண்டிப் பார்த்தால், பகலெல்லாம் பொதி கட்டுவதில் அவருக்கு நேரம் போய், இரவு பத்து மணிக்குத்தான் பதில் போட்டிருக்கிறார். அதற்குள் கேட்டவர் வேறு இடத்தில் வாங்கிவிட்டார். மகளை மாலை நேரத்தில் பதில் எழுத வைத்ததும் கணக்கு பழைய இடத்துக்கு வந்தது. நோன்பு மாதத்தில் காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து வாடிக்கையாளர்கள் தராவீஹ் தொழுகைக்குப் பிறகுதான் அதிகம் பேசுவார்கள். அந்த நேரத்தில் போனில் ஒருவர் இருக்க வேண்டும்.

போன வருடக் கணக்கை நம்புவதில் ஒரு சிக்கல்

எழுதி வைத்த எண்களை அடுத்த வருடம் அதே திகதியோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். நோன்புப் பெருநாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்கிறது. 2024இல் அதுவும் சித்திரை வருடப்பிறப்பும் ஒரே கிழமையில் வந்தன. 2025இல் மார்ச் கடைசி. 2026இல் மார்ச் 20ஐ ஒட்டி. ஏப்ரல் முதல் கிழமையின் விலை 2024இல் இரண்டு பண்டிகையின் விலை, 2026இல் ஒன்றின் விலை மட்டும்.

தீபாவளியும் அப்படித்தான். 2025இல் அது ஒக்டோபர் 20. 2026இல் நவம்பர் 8, அதாவது டராஸ் போன்ற இணையக் கடைகள் பெரிதாகக் கொண்டாடும் 11.11க்கு வெறும் மூன்று நாள் முன்பு. அவர்கள் காசைக் கொட்டத் தொடங்கும் நாட்களும் நம் தீபாவளிக் கடைசிக் கிழமையும் ஒன்றாகிவிடும். அதோடு நமக்கு அது மாரிகாலம், மழை பிடித்தால் கூரியர் வாகனம் தாமதிக்கும். அந்தத் தீபாவளிக்கு நான் தூர விளம்பரத்தைப் பத்து நாளில் அல்ல, பதினான்கு நாள் முன்பே நிறுத்தச் சொல்வேன். ஆகவே கொப்பியில் திகதிக்குப் பக்கத்தில் "பண்டிகைக்கு இத்தனை நாள்" என்றும் எழுதுங்கள், பக்கத்தில் வேறு என்ன பண்டிகை, என்ன விற்பனை விழா இருந்தது என்றும் ஒரு வரி.

மிச்சம் வைத்த காசுக்கு வருகிறேன். வருடப்பிறப்பு முடிந்ததும் பெரிய கம்பனிகள் ஏலத்திலிருந்து ஒதுங்க, விலை இறங்கும். ஆனால் சனத்தின் கையிலும் காசு இருக்காது, அந்தக் கிழமை விளம்பரம் போடாதீர்கள். வைகாசி வரட்டும். மட்டக்களப்பிலிருந்து அம்பாறைக் கரையோரம் வரை கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்கும். வெளியூரில் வேலை செய்பவர்கள் ஊருக்கு வருவார்கள், வீட்டுப் பெண்களுக்குப் புதுச் சாறி எடுப்பார்கள். கொழும்பில் இருக்கும் எந்த விளம்பர அதிகாரியின் நாட்காட்டியிலும் அந்த நாள் குறிக்கப்பட்டிருக்காது. வாங்குகிற சனம் கூடி, ஏலம் கேட்கும் கை கூடாத காலம் அது. அக்காவுக்குப் போன வருடம் அந்த மிச்சக் காசில் வந்த ஓடர்களின் செலவு ஒன்றுக்கு 350ஐத் தாண்டவில்லை. இந்த முறை ஆடி அமாவாசை மாமாங்கத் தீர்த்தத்துக்கும் சேர்த்து ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறார்.